50 லட்சம் மீட்டர் ஆர்டர்... முதல்ல 18,500 அனுப்புங்க!

"டியர் சார், தங்கள் நிறுவனத்தின் தரத்தைக் கண்டு மிகவும் மகிழ்ந்தோம். எங்களுக்கு 50 லட்சம் மீட்டர் பேண்டேஜ் துணி தேவை. 60 நாளில் அனுப்ப முடியுமா? நீங்கள் சொல்லும் விலை எங்களுக்குச் சம்மதம். 30 சதவிகிதம் அட்வான்ஸ் தருகிறோம். அதற்கு முன் சாம்பிள் மட்டும் அனுப்பி வைக்கவும்."

காலங்காத்தால மெயிலைத் திறந்தா இப்படி ஒண்ணு வந்திருக்கு. என்ன செய்வீங்க? நம்மாள் ஒருத்தர் செஞ்சதை அப்படியே சொல்றேன். எங்க வ.புதுப்பட்டிக்காரர். வயசு முப்பதுக்குள்ள. "தம்பி, என் பேரைப் போட்டுறாத. பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க"ன்னு கேட்டுக்கிட்டதால இந்தக் கட்டுரை முழுக்க அவர் வெறும் 'அண்ணன்'தான்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்துல இருக்கிற சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற அந்த மெல்லிசு வலைத்துணியை நெய்யற விசைத்தறிச் சத்தம் அங்கே தெருவுக்குத் தெரு கேட்கும். அண்ணன் அங்கே தெரிஞ்சவர்களோட பன்னிரண்டு தறியில கூலிக்கு நெய்து வாங்கி, உள்ளூர் கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தார். 'நாமளே ஏன் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது?'ன்னு ஒரு ஆசை. ரெண்டு நாள் ஏற்றுமதி வகுப்புக்குப் போனார், ஏற்றுமதி-இறக்குமதி கோடு நம்பர் வாங்கினார், ஆன்லைன் வியாபாரத் தளம் ஒண்ணுல தன் துணியைப் போட்டோ பிடிச்சுப் போட்டார். செல் நம்பரும் மெயில் முகவரியும் அதிலேயே இருந்துச்சு. மூணாவது வாரம் மேலே சொன்ன மெயில் வந்துச்சு. லண்டன்ல ஆபீஸாம், கானாவுல கிடங்காம், ஆப்பிரிக்கா முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு சப்ளையாம்!

அண்ணன் ராத்திரி பூரா தூங்கலை. "மீட்டருக்கு ஒரு ரூபா நின்னாலே 50 லட்சம்டா! எங்கப்பா ஆயுசுக்கும் பாக்காத காசு" என்றார்.

நம்மதான் இன்ஜினீயரிங் ஆச்சே, கணக்கு போடாம இருக்க முடியுமா? அந்தச் சாதா விசைத்தறி நிமிஷத்துக்கு சுமார் 120 ஊடை இழை போடும். பேண்டேஜ் துணியில ஓர் அங்குலத்துக்கு 15 ஊடை இழைன்னு வெச்சுக்கலாம். அப்போ நிமிஷத்துக்கு 8 அங்குலம், மணிக்கு 12 மீட்டர். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓட்டினா 240 மீட்டர். நூல் அறுந்தது, கரன்ட் போச்சு, பாவு மாத்தணும்னு நிக்கிற நேரத்தைக் கழிச்சா 170 மீட்டர் தேறும். பன்னிரண்டு தறிக்கு நாளைக்கு 2,000 மீட்டர். ஐம்பது லட்சம் மீட்டர் நெய்ய 2,500 நாள், அதாவது கிட்டத்தட்ட ஏழு வருஷம்! 60 நாளில் முடிக்கணும்னா 490 தறி வேணும்.

அண்ணன்கிட்ட இந்தக் கணக்கைக் காட்டினப்போ சிரிச்சார். "அது அன்னிக்கே தெரியும் தம்பி. ஊர்ல தறிக்கா பஞ்சம்? நாலு பேரைச் சேர்த்துக்கலாம்னு நெனச்சேன்." அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பெரிய ஆர்டரைப் பங்கு போட்டு நெய்யறது அங்கே சகஜம். ஆனா உண்மையா வாங்கற ஒருத்தன், முன்பின் தெரியாத புது ஆளை நம்பி, அவன்கிட்ட எத்தனை தறி இருக்குன்னுகூடக் கேட்காம, முதல் ஆர்டரையே இந்த அளவுக்குத் தருவானா? வழக்கத்துல சின்னதா ஒரு சோதனை ஆர்டர்லதான் ஆரம்பிப்பாங்க. அந்த மெயில்ல இன்னொண்ணும் இல்லை. இழை எண்ணிக்கை என்ன, ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம், தண்ணியை எவ்வளவு வேகமா உறிஞ்சும், ஸ்டெரைல் பண்ணினதா பண்ணாததா... எதையுமே கேட்கலை. ஆஸ்பத்திரிக்குத் துணி வாங்கறவன் முதல்ல கேட்கறதே இதைத்தான். 'நீங்கள் சொல்லும் விலை சம்மதம்'னு எழுதற வியாபாரியை நீங்க பார்த்திருக்கீங்களா? நம்ம ஊர் சந்தையில கத்திரிக்காய்க்கே பேரம் பேசறாங்க பாஸ்!

கூரியர் காசு

அண்ணன் சாம்பிள் அனுப்பத் தயாரானார். மறு மெயில் வந்துச்சு: "எங்கள் கம்பெனி விதிப்படி, எங்கள் அங்கீகாரம் பெற்ற கூரியர் மூலமாகத்தான் சாம்பிள் வர வேண்டும். கட்டணம் ரூ.18,500. அதை நீங்கள் இப்போது கட்டிவிடுங்கள். முதல் அட்வான்ஸோடு சேர்த்துத் திருப்பித் தந்துவிடுவோம்." கூடவே அந்தக் கூரியர் கம்பெனியோட வெப்சைட் லிங்க். விமானப் படம், வேன் படம், பார்சலைத் தேடற கட்டம் எல்லாம் பக்காவா இருந்துச்சாம்.

கவனிங்க. சாம்பிளுக்குக் கூரியர் செலவு ஆகறது உண்மை. அதை ஏற்றுமதியாளர் ஏத்துக்கறதும் உண்மையிலேயே நடக்கறதுதான். அதனால 'கூரியர் காசுன்னாலே ஏமாத்து'ன்னு சொல்லிட முடியாது. அந்தக் காசு யார் கையில போய்ச் சேருதுங்கறதுதான் விஷயம்.

நேர்மையான வியாபாரத்துல இதுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, நீங்களே சாம்பிளைப் பெட்டியில கட்டி, ராஜபாளையத்திலேயோ மதுரையிலேயோ இருக்கிற கூரியர் ஆபீஸ்ல, இல்லேன்னா போஸ்ட் ஆபீஸ்ல கொடுத்து, அங்கேயே பணம் கட்டி ரசீது வாங்கறது. எந்தக் கூரியர்ங்கறதும் உங்க இஷ்டம். ரெண்டாவது, வாங்கறவர் தன் கூரியர் கணக்கு எண்ணைக் கொடுக்கறது. டிஎச்எல், ஃபெடெக்ஸ் மாதிரி கம்பெனிகள்ல அடிக்கடி சாம்பிள் வரவழைக்கிறவங்க கணக்கு வெச்சிருப்பாங்க. ஒன்பது இலக்க எண். அந்த எண்ணை பில்லுல எழுதினா கட்டணம் அவர் தலையில விழும். இதுக்கு 'ஃப்ரைட் கலெக்ட்'னு பேர். வெளிநாட்டுல ரெகுலரா துணி வாங்கறவங்களுக்கு இது சாதாரணம். ரெண்டு வழியிலும் வாங்கறவனோ அவன் கை காட்டற ஆளோ உங்ககிட்டேயிருந்து ஒரு பைசா வாங்கறது இல்லை.

ஃப்ரைட் கலெக்ட்லயும் ஒரு சிக்கல் இருக்கு, சொல்லிடறேன். அந்த எண் செத்துப்போன கணக்காவோ திருட்டுக் கணக்காவோ இருந்து, அந்தப் பக்கம் யாரும் பணம் கட்டலைன்னா, கூரியர் கம்பெனி அனுப்பினவர்கிட்டதான் வந்து நிக்கும். அதனால பெட்டியைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே கூரியர் ஆபீஸ்ல 'இந்தக் கணக்கு உயிரோட இருக்கா?'ன்னு கேட்டுக்கறது நல்லது.

அண்ணனுக்கு வந்த 18,500 ரூபாயில இன்னொரு ஓட்டை இருந்துச்சு. கூரியர் கட்டணம் எடையை வெச்சுத்தான். அதுவும் சும்மா எடை இல்லை. பெட்டியோட நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுப்பாங்க. வர்ற எண்ணையும் தராசு எடையையும் பார்த்து, எது அதிகமோ அதுக்குத்தான் காசு. பேண்டேஜ் துணி பஞ்சு மாதிரி இருக்கறதால இது ரொம்பவே முக்கியம். 30-க்கு 20-க்கு 15 பெட்டியில சாம்பிள் வெச்சா தராசுல 900 கிராம்தான் காட்டும். ஆனா 9,000-ஐ 5,000-ஆல வகுத்தா 1.8. ஆக 1.8 கிலோவுக்குக் காசு. இப்போ விஷயத்துக்கு வாங்க. பெட்டி என்ன சைஸ், எத்தனை கிலோன்னு அண்ணன்கிட்ட யாருமே கேட்கலை. அவர் பெட்டியே இன்னும் வாங்கலை. பிறகு 18,500 எங்கேருந்து வந்துச்சு?

பணம் போட வேண்டிய கணக்கைப் பாருங்க. லண்டன் கம்பெனியோட 'அங்கீகாரம் பெற்ற' கூரியருக்கு வட இந்தியாவுல, தனி ஆள் பேர்ல, ஒரு சேமிப்புக் கணக்கு! கேட்டதுக்கு "எங்க இந்திய ஏஜென்ட்" என்றார்களாம். இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகள்லதான் மோசடிப் பணம் இறங்கும், இறங்கின சூட்டோட வேற பத்துக் கணக்குக்குப் பிரிஞ்சு போயிடும். செலவுக்குக் காசு தர்றோம்னு சொன்னா தங்கள் வங்கிக் கணக்கைத் தூக்கிக் கொடுக்கிற காலேஜ் பசங்க இருக்காங்களே, அவங்களும் இந்தச் சங்கிலியில ஒரு கண்ணிதான். போலீஸ் முதல்ல வர்றது அவங்க வீட்டுக்குத்தான்.

அண்ணன் கட்டிட்டார். "கோடிக்கணக்குல வியாபாரம். அதுக்கு முன்னால பதினெட்டாயிரம் என்னய்யா பெருசுன்னு தோணுச்சு." அந்தத் தொகையே இப்படித் தோணணும்னுதான் வைக்கப்படுது. ரெண்டு லட்சம் கேட்டிருந்தா வீட்டுல கலந்து பேசியிருப்பார், யாராவது தடுத்திருப்பாங்க. பதினெட்டாயிரம்னா தனியா முடிவெடுக்கற தொகை.

அடுத்த பில்

ஒருத்தர் காசு கட்டிட்டா, அவர் பேர் அந்தப் பக்கம் 'கட்டுவார்' லிஸ்ட்ல ஏறிடும். எட்டாவது நாள் மெயில்: சாம்பிள் பிரமாதமாம், போர்டு ஒப்புதல் கொடுத்தாச்சாம். (எந்த ஊர் போர்டுன்னு கேட்காதீங்க!) சப்ளையரா பதிவு செய்ய 62,000 ரூபாய் கட்டணுமாம். கூடவே வங்கி ஸ்விஃப்ட் காப்பி மாதிரி ஒரு தாள்: 'அட்வான்ஸ் அனுப்பியாச்சு, பதிவு முடிஞ்சதும் விடுவிக்கப்படும்.'

இது அப்பட்டமான புருடா. வெளிநாட்டுலேருந்து பணம் வந்தா, வங்கி தன் கட்டணத்தை அந்தப் பணத்திலேயே பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை உங்க கணக்குல வைக்கும். முன்கூட்டி யாருக்கோ பணம் கட்டினாத்தான் திறக்கும்னு ஒரு பூட்டு கிடையாது. காப்பித்தாளை எவன் வேணா கம்ப்யூட்டர்ல செய்யலாம். கணக்குல வரவு காட்டினாத்தான் பணம்.

அண்ணன் அந்த 62,000-க்காக ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வங்கிக்கு லோன் கேட்டுப் போனார். அதுதான் அவரைக் காப்பாத்துச்சு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்ட அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "தம்பி, அவங்க உங்ககிட்ட துணி வாங்கறாங்களா, இல்ல நீங்க அவங்ககிட்ட ஆர்டரை வாங்கறீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து 1930-க்கு போன் போட்டார். சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய எண் அது. cybercrime.gov.in தளத்துலயும் பதிவு பண்ணினார். ஆனா பணம் போட்டு ஒன்பது நாள் ஆயிருந்தது. கணக்கு காலி. அந்த எண்ணோட பலமே சீக்கிரத்துலதான் இருக்கு. பணம் நம்ம நாட்டு வங்கிகளுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கும்போதே சொன்னா, போற வழியில நிறுத்தி வைக்கப் பார்ப்பாங்க. ரொக்கமா எடுத்துட்டாலோ நாடு தாண்டிட்டாலோ கதை முடிஞ்சது. சட்டம் இருக்கு, இல்லாம இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு (2024 ஜூலைக்கு முன்னால நாம சொன்ன '420'தான் இது), ஐ.டி. சட்டத்துல ஆள்மாறாட்டத்துக்கு 66டி. ஆனா பிரிவு போட ஆள் வேணுமே!

"பதினெட்டாயிரத்தைக்கூட மறந்துருவேன் தம்பி. அந்த ஆர்டரை நம்பி கடனுக்கு நூல் எடுத்துட்டேன். தறிக்காரங்ககிட்ட 'மத்த வேலையை எடுத்துக்காதீங்க'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் தறி சும்மா நின்னுச்சு. அந்த வீடுகளுக்குக் கூலி இல்ல." இதைச் சொல்லும்போதுதான் அண்ணன் குரல் இறங்குச்சு.

அப்பவே எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

அந்தக் கூரியர் வெப்சைட்டை நான் தோண்டிப் பார்த்தேன். ரெண்டு நிமிஷ வேலை. லினக்ஸ் இருந்தா டெர்மினல்ல இப்படி அடிங்க (example.com இருக்கிற இடத்துல அந்தத் தளத்தோட பேர்):

```
whois example.com
```

வர்ற பதில்ல `Creation Date` வரியைப் பாருங்க. 'இருபது வருஷ அனுபவம்'னு முகப்புல போட்டிருந்த தளம் பதிவாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது! மெயில்லயும் ஒரு வேலை. முழு ஹெடரைத் திறந்தா `From` ஒரு முகவரி, `Reply-To` வேற முகவரி. பார்வைக்குக் கம்பெனிப் பேர், பதில் போறது இலவச மெயிலுக்கு.

போன் நம்பர்ல ஒரு சூட்சுமம் உண்டு. அவங்க கொடுத்தது +44 70-ல ஆரம்பிக்கிற நம்பர். +44 இங்கிலாந்துதான். ஆனா 70-ல ஆரம்பிக்கிறது அந்த நாட்டு 'பர்சனல் நம்பர்'. எந்த நாட்டு போனுக்கு வேணாலும் திருப்பிவிடலாம். இங்கிலாந்து செல்போனும் +44 7-லதான் ஆரம்பிக்கும்ங்கறதால வித்தியாசம் நம்ம கண்ணுல படாது.

'கம்பெனி உண்மையிலேயே இருக்கே, இங்கிலாந்து அரசுப் பதிவேட்டுல பார்த்தேனே'ன்னு அண்ணன் கேட்டார். பதிவேடு இலவசம், யார் வேணா பார்க்கலாம். திருடனும் பார்க்கலாம்! உண்மையான கம்பெனியோட பேரையும் விலாசத்தையும் தூக்கி மெயில்ல ஒட்டிக்கறதுதான் இப்போ வழக்கம். அதனால கம்பெனி இருக்காங்கறதைவிட, இந்த மெயிலை அந்தக் கம்பெனிதான் எழுதிச்சாங்கறதைக் கேட்கணும். மெயில்ல இருக்கிற நம்பரை விட்டுட்டு, கம்பெனியோட நம்பரை நாமளா வேற வழியில தேடிக் கூப்பிடணும். அந்தந்த நாட்டுல இருக்கிற இந்தியத் தூதரகத்தோட வர்த்தகப் பிரிவுக்கும் எழுதிக் கேட்கலாம். போலி டெண்டர், போலி ஆர்டர்னு மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற நம்ம தூதரகங்கள் எச்சரிக்கையே வெளியிட்டிருக்கு.

உடனே ஆப்பிரிக்கான்னாலே ஒதுக்கணும்னு கிளம்பிடாதீங்க. முன்பணம் வாங்கி ஏமாத்தறதுக்கு உலகம் முழுக்க '419'னு பேர் வந்ததே நைஜீரியாவோட குற்றவியல் சட்டத்துல மோசடிக்கான பிரிவு எண்ணாலதான். அவங்க நாட்டிலேயே அது குற்றம். அங்கே நேர்மையா வாங்கறவங்க நிறையப் பேர். வேற திசையிலும் இதே கூத்து இருக்கு. சீனாவுல ஒப்பந்தம் போட வாங்கன்னு கூப்பிட்டு, நோட்டரி செலவு, விருந்துச் செலவு, பரிசுப் பொருள்னு கறந்துட்டு ஆளைக் காணாம போறது பிரபலமான ரகம்.

இன்னொரு ரகம் இதைவிட நைஸ். அவன் காசு கேட்க மாட்டான், கொடுப்பான்! சாம்பிளுக்கு கார்டுல பணம் கட்டுவான், கூரியருக்கும் சேர்த்து அதிகமா. 'என் கூரியர்காரர் கார்டு வாங்க மாட்டார், நீங்க அந்தப் பங்கை அவருக்கு அனுப்பிடுங்க' என்பான். உங்க கணக்குல பணம் இருக்கறதால தைரியமா அனுப்புவீங்க. கார்டு திருட்டுக் கார்டு. உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் முழுப் பணமும் உங்க கணக்குலேருந்து திரும்ப எடுக்கப்படும். அதுக்கு மாசக்கணக்கு ஆகலாம். நீங்க அனுப்பின பங்கு மட்டும் திரும்பாது.

'ஏற்றுமதிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே'ன்னு கேட்பீங்க. மத்திய அரசோட இ.சி.ஜி.சி. 1957-லேருந்து இருக்கு. சரக்கு அனுப்பின பிறகு வாங்கினவர் பணம் தரலைன்னா இழப்பீடு தரும். சரக்கே போகாம, ஏமாந்து கட்டின கூரியர் காசு அந்தக் கணக்குல வராது. ஆனா அட்வான்ஸ் இல்லாத பெரிய ஆர்டர் வந்தா, வாங்கறவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சுக்க அங்கே போகலாம்.

பேண்டேஜ் மட்டும்தான்னு இல்லை. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இன்ஸ்டாகிராம்ல போட்டு விக்கற ஃப்ரெண்ட்ஸ் எனக்கே ரெண்டு பேர் இருக்காங்க. பால் பொருள் நாடு தாண்டணும்னா சுகாதாரச் சான்றிதழ், காலாவதித் தேதின்னு ஆயிரம் கேள்வி வரும். அதுல ஒண்ணுகூடக் கேட்காம 'ரெண்டு டன் வேணும், முதல்ல சாம்பிள் கூரியருக்கு...'ன்னு ஆரம்பிச்சா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அண்ணன் இப்போ எல்லா மெயிலுக்கும் ஒரே பதில் வெச்சிருக்கார். "சாம்பிள் இலவசம். உங்கள் கூரியர் கணக்கு எண்ணைத் தரவும். இல்லையென்றால் என் செலவில், எனக்குத் தெரிந்த கூரியரில் ஒரு மீட்டர் துண்டு அனுப்புகிறேன்." ஒரு மீட்டர் துண்டு கவர்ல மடிச்சு வெச்சா நூறு கிராம்கூட வராது, போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. சும்மா சாம்பிள் சேர்க்கிறவங்களுக்கும் இதுவே போதும். போன நாலு மாசத்துல பதினோரு 'பெரிய ஆர்டர்' வந்துச்சாம். இந்தப் பதிலைப் பார்த்ததும் ஒன்பது பேர் காணாமப் போயிட்டாங்க. ஒருத்தர் எங்க கூரியர்தான் வேணும்னு அடம்பிடிச்சார். இன்னொருத்தர் கணக்கு எண்ணோட, அங்குலத்துக்கு எத்தனை இழைன்னும் கேட்டு எழுதியிருக்கார். ஆர்டர் 2,000 மீட்டர்தான். விலையில ஏழு சதவிகிதம் குறைக்கச் சொல்லி இன்னும் பேரம் பேசிக்கிட்டு இருக்கார்.